மாஸ்டரிடம் என்ன சொல்வது?

ஒரு பேக்கரியின் ஆறு மாத பில் கணக்கை ஆராய்ந்து தரும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரநாட்களில் முட்டை பப்ஸ் மிஞ்சிப்போகிறது என்பதுதான் மேலாளரின் கவலை. நாளைக் காலை மாஸ்டரிடம் எத்தனை போடச் சொல்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எனவே அறிக்கையின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்: “செவ்வாய், புதன், வியாழன் மட்டும் 120க்குப் பதில் 95 பப்ஸ் போடுங்கள், நான்கு வாரம் பார்ப்போம்.” பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தரவு எங்கிருந்து வந்தது, எப்படிச் சுத்தம் செய்தோம் என்று ஆரம்பித்து, முடிவை ஆறாம் பக்கத்தில் வைக்கிறார்கள். அதற்குள் மேலாளர் தாளை மூடிவைத்திருப்பார். மெக்கின்சி நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மின்டோ, விடையை முதலில் சொல்லிக் காரணங்களைப் பின்னால் அடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏன் 95? அந்த மூன்று நாட்களின் சராசரி விற்பனை 80 என்றால், 80 என்றே எழுதிவிடத் தோன்றும். ஆனால் சராசரி அளவுக்கே போட்டால் ஏறக்குறைய பாதி நாட்களில் பப்ஸ் தீர்ந்துபோய், வருகிறவரைத் திருப்பி அனுப்ப நேரும். 26 வாரங்களில் அந்த நாட்களில் ஆக அதிகமாக விற்றது 95தான் என்பதால் அதைப் பரிந்துரைக்கிறோம். நாளுக்கு 25 வீதம் வாரத்துக்கு 75 பப்ஸ் மிச்சம். ஒன்றின் மூலப்பொருள் செலவு 12 ரூபாய் என்றால் வாரம் 900 ரூபாய். சதவீதத்தைவிட இந்த ரூபாய்க் கணக்கு அவருக்குச் சட்டென்று புரியும்.

சனி, ஞாயிறுதான் சிக்கல். இரண்டு நாளும் 120 விற்றிருக்கிறது என்பதால் தேவை 120 என்று எழுதினால் தவறு. கடைசி பப்ஸுக்கு பில் போட்ட நேரத்தைப் பாருங்கள். கடை பத்து மணி வரை திறந்திருக்க, அந்த பில் ஏழு மணிக்கே விழுந்திருந்தால், அதன்பிறகு எத்தனை பேர் கேட்டுத் திரும்பினார்கள் என்பது பில்லில் இருக்காது. விற்றது மட்டுமே பதிவாகும், கேட்டது பதிவாகாது. அதை மறைக்காமல் எழுதுங்கள்: “சனி, ஞாயிறு உண்மையான தேவை இந்தக் கணக்கில் இல்லை. இரண்டு வாரம் 150 போட்டு, தீர்ந்த நேரத்தைக் குறித்துவையுங்கள்.”

ஒரு பக்கத்துக்குள் இன்னும் இரண்டு வரிக்கு இடம் வேண்டும். ஒன்று, எப்போது முடிவை மாற்றுவது: ஒரே வாரத்தில் இரண்டு நாள் எட்டு மணிக்கு முன்பே தீர்ந்தால் 105 ஆக்கலாம். இன்னொன்று, கணக்கின் எல்லை: ஜனவரி முதல் ஜூன் வரையிலான பில்களை வைத்துத் தீபாவளி வாரத்தைக் கணிக்க முடியாது. கணக்கிட்ட முறையெல்லாம் தனிக் கோப்பில் இருக்கட்டும், கேட்டால் கொடுக்கலாம்.

அனுப்பிய பிறகு மேலாளருக்கு ஒரு போன் போட்டு, “புதன்கிழமை எத்தனை போடச் சொல்லப்போகிறீர்கள் சார்?” என்று கேளுங்கள். பதில் வரத் தயங்கினால், முதல் வரியைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும்.