காபிக் கடை வைஃபையில் துண்டு போட்டது யார்?

மதியம் ஒரு மணிக்குக் காபிக் கடைக்குள் வருபவரின் கைபேசியில் வைஃபை சிக்னல் முழுதாகத் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி. ஆனால் திரையில் "Obtaining IP address…" என்ற வரி நகராமல் நிற்கிறது. காலையிலிருந்து மூலை மேசையில் இருப்பவரோ நிம்மதியாக வீடியோ பார்க்கிறார். இணையம் மந்தம் என்றால் இருவருக்குமே மந்தமாகத்தான் இருக்கும். முன்னால் வந்தவருக்கு ஓடி, புதிதாக வந்தவருக்கு மட்டும் ஓடவில்லை என்றால் முகவரிகள் தீர்ந்திருக்கலாம்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐ.பி. முகவரி கொடுக்கிறது. இந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். முகவரி இனாம் அல்ல, தவணை போட்ட வாடகை. பாதித் தவணை கழிந்ததும் கைபேசியே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் கடையை விட்டுப் போகும்போது பெரும்பாலான கைபேசிகள் சொல்லிக்கொண்டு போவதில்லை. பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு ஆள் ஊருக்கே போய்விட்ட கதைதான். தவணை முடியும்வரை அந்த இடம் அவருக்குத்தான்.

ஒரு கணக்குப் போடலாம். 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை நூறு முகவரிகள், தவணை 24 மணி நேரம். சிறு ரவுட்டர்களில் இப்படிப்பட்ட அமைப்பு சகஜம். காலை 8 மணிக்குக் கடை திறந்து, மணிக்கு 20 புதிய கருவிகள் வந்தால் பகல் 1 மணிக்கு நூறும் காலி. அப்போது கடையில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள்! வாசலில் நடந்து போகும் பழைய வாடிக்கையாளரின் கைபேசிகூடத் தானாக இணைந்து ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கும்.

தவணையை ஒரு மணி நேரமாகக் குறைத்துப் பாருங்கள். முக்கால் மணி நேரம் உட்காருபவரின் கைபேசி அரை மணியில் புதுப்பிக்கும். அங்கிருந்து ஒரு மணி நேரம், ஆக மொத்தம் ஒன்றரை மணி நேரம் முகவரியைப் பிடித்திருக்கும். மணிக்கு 20 பேர் வந்தாலும் ஒரே நேரத்தில் 30 முகவரிகள் போதும். முகவரி வரிசையை நீட்டுவதும் உதவும். ஆனால் வழக்கமான அமைப்பில் 254க்கு மேல் போக முடியாது. 24 மணி நேரத் தவணை இருந்தால் பரபரப்பான கடையில் அதுவும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். முதலில் தொட வேண்டியது தவணையைத்தான்.

உறுதி செய்வது எளிது. மாட்டிக்கொண்ட விண்டோஸ் மடிக்கணினியில் `ipconfig` அடித்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும். ரவுட்டர் எதுவும் தராததால் கணினி தானே வைத்துக்கொண்டது அது. ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால், கடையில் இருக்கும் தலைகளைவிடப் பல மடங்கு கருவிகள் வரிசையாக நிற்கும்.

கடைக்காரர்கள் வழக்கமாக ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். பல சிறு ரவுட்டர்களில் பட்டியல் அழிந்து எல்லாம் சரியானதுபோல் தோன்றும், மறுநாள் மதியம் அதே கூத்து. ஆனால் தவணையைக் குறைத்த அன்று மட்டும் அணைத்துப் போடுவதில் அர்த்தம் உண்டு. ஏற்கெனவே 24 மணி நேரத்துக்குக் கொடுத்த முகவரிகளைப் புதிய தவணை கட்டுப்படுத்தாது. போனவர்களின் பங்கு மறுநாள்வரை திரும்பி வராது.