டெல்டா காப்பில் மிஞ்சும் பிழை: ஒரு செம்பனைக் கணக்கு

பூர்சா மலேசியாவில் செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தம் ஒன்று 25 டன். அதன்மேல் ஆப்ஷனும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம், வாங்க. எண்கள் பயிற்சிக்காக வைத்தவை, வட்டியை விட்டுவிடுவோம்.

இன்றைய விலை டன்னுக்கு 4000 ரிங்கிட். மூன்று வாரம் கழித்து 4000க்கே வாங்கும் உரிமையை நீங்கள் விற்கிறீர்கள். வார அசைவின் திட்ட விலக்கம் 100 ரிங்கிட் என்றால் நியாய விலை 69 ரிங்கிட்.

விலை 1 ரிங்கிட் ஏறினால் ஆப்ஷன் எவ்வளவு ஏறுமோ அதுதான் டெல்டா. அந்த அளவு முன்பேரம் வாங்கிக் கையில் வைக்கிறீர்கள். வாரம் ஒருமுறை மட்டும் திருத்துகிறீர்கள். F விலை, T மீதி வாரம் என்றால், டெல்டா = N((F−4000)/(100√T)). N மதிப்பை இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்க்கலாம்.

முதல் வழி: 4000, 4030, 4060, 4100.
டெல்டா: 0.50, 0.58, 0.73.
முன்பேர லாபம்: 15 + 17.4 + 29.2 = 61.6.
கடைசியில் கொடுப்பது 100. மீதி: 69 + 61.6 − 100 = +30.6.

இரண்டாம் வழி: 4000, 4150, 4000, 4100.
டெல்டா: 0.50, 0.86, 0.50.
முன்பேரம்: 75 − 129 + 50 = −4.
மீதி: 69 − 4 − 100 = −35.

தொடக்கமும் முடிவும் ஒன்றே. ஆனாலும் ஒன்றில் லாபம், மற்றதில் நட்டம். ஏன்? வாரத்துக்குள் டெல்டா மாறுகிறது, உங்கள் கையிருப்போ அப்படியே இருக்கிறது. அசைவு 100ஐ மிஞ்சிய வாரம் பெரும்பாலும் விற்றவருக்கு நட்டம். குறைந்த வாரம் லாபம்.

அடிக்கடி திருத்தினால் பிழை குறையும், ஆனால் மெதுவாகத்தான்: பாதியாக்க ஏறக்குறைய நான்கு மடங்கு முறை திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தரகுச் செலவு வேறு.