உங்களுக்குத் தெரியுமா? விளக்கு எரியும், தண்ணீர் வராது!

ஆர்.ஓ. இயந்திரத்தில் விளக்கு எரிந்தாலும் அதன் அடாப்ரர் பழுதாகியிருக்கலாம். விளக்குக்குச் சில மில்லி அம்பியர் போதும். பூஸ்ரர் பம்புக்கோ ஏறத்தாழ 1 அம்பியர் வேண்டும்.

• மயிலிட்டிக் கிணறுகளின் சுண்ணாம்புத் தண்ணீரைச் சவ்வுக்குள் தள்ளுவது இந்தப் பம்புதான். அது நின்றால் சொட்டு வந்தாலே பெரிது.

• பம்பைக் கழற்றிவிட்டு அளந்தால், பழுதான அடாப்ரரும் 24 வோல்ற் காட்டி ஏமாற்றும். பம்பைப் பூட்டியபடியே அதன் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். 24 அப்படியே நிற்க, பம்பு மூச்சுக்கூட விடாவிட்டால் பழுது பம்பில். 10, 12 என விழுந்தால் அதே அளவுள்ள நல்ல அடாப்ரரைப் பூட்டிப் பாருங்கள். பம்பு ஓடினால் பழையதுதான் குற்றவாளி. மறுபடி விழுந்தால் பம்பு இறுகியிருக்கலாம்.

• பூச்சியம் காட்டுகிறதா? முதலில் தண்ணீர்த் தாங்கியைப் பாருங்கள். உள்ளே வரும் தண்ணீர் குறைந்தால் அழுத்த ஆளியே பம்பை நிறுத்திவிடும்.