கொட்டேஷன் தேதி முடிஞ்சா உங்க இன்சென்டிவ் என்ன ஆகும்?

சேல்ஸ்ல வேலை பார்க்கிறீங்களா? இது உங்க பாக்கெட் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு கணக்கு போடுவோம். 200 காயில் காப்பர் வயர், ஒரு காயில் 1,850 ரூபாய்னு கொட்டேஷன் கொடுக்கிறீங்க. அடக்க விலை 1,700. மொத்த லாபம் 30,000. அதில் 5% இன்சென்டிவ்னா உங்களுக்கு 1,500. வேலிடிட்டி 15 நாள். கஸ்டமர் பி.ஓ. அனுப்புறது 25-வது நாள், அதே பழைய விலைக்கு. அதுக்குள்ள காப்பர் ஏறி, அடக்க விலை 1,800 ஆயிடுச்சு. லாபம் 10,000, உங்க பங்கு வெறும் 500!

ERPNext மாதிரி சாஃப்ட்வேர்ல `Valid Till` தேதி தாண்டினா, கொட்டேஷன் `Expired` ஆகிடும். காலாவதியானதையும் சேல்ஸ் ஆர்டராக மாற்ற செட்டிங்ஸ்ல அனுமதி இருக்கு. அதை ஆஃப்லயே வைக்கச் சொல்லுங்க. பழசை டூப்ளிகேட் பண்ணி, இன்றைய விலை, புது தேதி போட்டு, கஸ்டமர் ஓகே சொன்ன பிறகே ஆர்டராக மாற்றுங்க. பி.ஓ.வில் உள்ள விலை, அளவு, கிரெடிட் நாள் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, `Expired` வேற, `Lost` வேற. தேதி முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க. வேற இடத்தில் வாங்கிட்டாங்கன்னா `Set as Lost` கொடுத்து, காரணத்தையும் பதியுங்க. நம்மில் பலர் சட்டுனு "விலை அதிகம்"னு போட்டுடுவோம் (நானும்தான்). "எவ்வளவு வித்தியாசம் சார்?"னு கேட்டா, சில நேரம் விலை ஒண்ணுதான், அங்கே 45 நாள் கிரெடிட் கொடுத்தாங்கன்னு தெரியவரும். அப்படி நாலஞ்சு பதிவு சேர்ந்தா, மேனேஜர்கிட்ட டிஸ்கவுண்ட் கேட்காம கிரெடிட் கேட்கலாம்.