தேதி கேட்கும் முன் தரையைப் பாருங்கள்

கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி பக்கம் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர்கள் முதல் சி.என்.சி. இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்ததும் டீலரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மெஷின் எப்ப வருங்க? இன்ஜினியர் எப்ப வருவாரு?" டீலரும் உத்தேசமாக ஒரு தேதி சொல்லிவிடுவார். அந்தத் தேதியில் லாரி வரும், இன்ஜினியரும் வருவார். ஆனால் எர்த் குழிக்குக் கரி கொட்டியிருக்காது, ஸ்டெபிலைசர் இன்னும் வந்திருக்காது. பையைத் திறக்காமலே அவர் அடுத்த ஊர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். மறுபடியும் அவர் வரும் நாள் அவர் கையில்கூட இருக்காது.

இதைத் தவிர்க்க, டீலருக்கு எழுதும் ஒரு கடிதத்தைச் சரியாக எழுதினால் போதும். இடம் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறது என்பதை அளந்த எண்களோடு சொல்லி, அதற்குப் பிறகு தேதி கேட்கும் கடிதம் அது.

முதலில், கேட்க வேண்டியது ஒரு தேதி அல்ல, இரண்டு. ஒன்று நிறுவும் தேதி. இயந்திரத்தை இறக்கி, இடத்தில் உட்கார வைத்து, மட்டம் பார்த்து, மின்சாரமும் காற்றும் இணைக்கும் வேலை அது. இன்னொன்று கமிஷனிங் தேதி. மின்சாரம் கொடுத்து, அச்சுகளை ஓட்டி, துல்லியம் சோதித்து, மாதிரிப் பாகம் வெட்டிக் காட்டி, ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுத்து, அறிக்கையில் கையெழுத்து வாங்கும் வேலை அது. இறக்கும் வேலை பெரும்பாலும் வாங்குபவரின் பொறுப்பு. கமிஷனிங் டீலர் தரப்பின் பொறுப்பு. மட்டம் பார்ப்பதும் இணைப்புகளும் யார் தலையில் என்பதை ஆர்டர் தாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பல சண்டைகள் இந்த எல்லைக்கோடு தெரியாததால் வருபவை.

ஒரு பட்டறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு கம்ப்ரசர் ஓடும் இடம். அங்கே 800 மி.மீ. நீள மேசை கொண்ட ஒரு வி.எம்.சி. வரப்போகிறது. நின்றபடி துளை போட்டு, கடைந்து, தானே டூல் மாற்றிக்கொள்ளும் இயந்திரம் அது. எடை சுமார் ஐந்தரை டன், உயரம் 2.7 மீட்டர், மின்தேவை 25 கே.வி.ஏ. பெங்களூரிலிருந்து செப்டம்பர் 1 அன்று அனுப்புவதாக டீலர் சொல்லியிருக்கிறார்.

உரிமையாளர் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதிக நாள் பிடிப்பது கான்கிரீட். பழைய பட்டறைத் தரை பெரும்பாலும் மெல்லியது. ஐந்தரை டன் எடையும் மேசை வேகமாகத் திரும்பும்போது எழும் அதிர்வும் அதன்மேல் விழுந்தால் தரை மெல்லத் தாழும், இயந்திரத்தின் மட்டமும் கூடவே போகும். அதனால் தயாரிப்பாளர் தரும் அடித்தள வரைபடத்தை டீலரிடம் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி, அதன்படி கம்பி கட்டிப் புதுத் தளம் போட வேண்டும். சாதாரண சிமென்ட் கான்கிரீட் ஒரு வாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் பெறும். முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. ஜூலை 25 அன்று தளம் போட்டால் ஆகஸ்ட் 22 அன்றுதான் இயந்திரம் ஏற்றலாம். ஆகஸ்ட் 15 அன்று தளம் போட்டவர் செப்டம்பர் முதல் வாரத்துக்குத் தேதி கேட்கவே கூடாது.

அடுத்தது மின்சாரம். நம் பட்டறைக்கு வாரியம் அனுமதித்த பளு 40 ஹெச்.பி. பழைய இயந்திரங்கள் சேர்ந்து 18 ஹெச்.பி. எடுக்கின்றன. புதியது ஏறக்குறைய 27 சேர்க்கும். மொத்தம் 45. கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும், அந்த ஒப்புதல் எப்போது கையில் கிடைக்கும் என்பது பட்டறைக்காரரின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆர்டர் கொடுத்த வாரத்திலேயே தொடங்க வேண்டிய வேலை இது.

சி.என்.சி. கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் நுண் மின்னணுப் பலகைகளுக்கு எர்த் மிக முக்கியம். பல தயாரிப்பாளர்கள் தனி எர்த் குழியும் ஒரு ஓமுக்குக் குறைவான மின்தடையும் கேட்கிறார்கள். இயந்திரம் ஓடும்போது காரணமே தெரியாமல் அலாரம் வந்து நிற்பது, கட்டுப்பாட்டுப் பலகை அடிக்கடி போவது போன்ற புகார்களில் சர்வீஸ் இன்ஜினியர் முதலில் மீட்டரை வைப்பது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில்தான். அங்கே சில வோல்ட்டுகளுக்கு மேல் காட்டினால் வேறெதையும் தொடாமல் அதைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்வார். "எர்த் போட்டாச்சுங்க" என்ற பதில் அவருக்குப் போதாது. எவ்வளவு ஓம், என்றைக்கு அளந்தது என்ற எண் வேண்டும்.

காற்றுக்கும் அதே கதை. டூலைப் பிடித்து விடுவதற்கு இயந்திரத்துக்குச் சுமார் 6 பார் அழுத்தம் வேண்டும். கம்ப்ரசர் மீட்டரில் 7 காட்டலாம். மற்ற இயந்திரங்களும் காற்றுத் துப்பாக்கியும் ஓடும் நேரத்தில், குழாயின் மறுமுனையில், இயந்திரத்தின் வாயில் எவ்வளவு என்பதே கணக்கு. அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் சில மாதங்களில் உள்ளே துரு பிடிக்கும். ஆகவே டிரையர் இருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும்.

வழியையும் அளக்க வேண்டும். ஷட்டர் உயரம் 2.9 மீட்டர் என்றால் 2.7 மீட்டர் இயந்திரம் நுழைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அது ரோலர் மேல் ஏறி உள்ளே போகும்போது இன்னொரு 15 செ.மீ. கூடும். மிச்சம் 5 செ.மீ. அதற்குள் ஒரு டியூப்லைட்டோ ஷட்டர் உருளையோ தொங்கினால் வேலை அங்கேயே நிற்கும். சந்தில் ஹைட்ரா கிரேன் திரும்ப இடம் உண்டா, மேலே மின்கம்பி போகிறதா என்பதைப் படம் எடுத்து அனுப்பினால், இயந்திரத்தின் மேல் மோட்டாரைக் கழற்றி அனுப்பலாமா என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்ய முடியும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஆகஸ்ட் 5 அன்று எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். எங்கள் ஆர்டரில் உள்ள வி.எம்.சி.யை நிறுவவும் கமிஷனிங் செய்யவும் தேதி உறுதி செய்யக் கேட்டுக்கொள்கிறோம். தளம் உங்கள் வரைபடப்படி ஜூலை 25 அன்று போடப்பட்டது, ஆகஸ்ட் 22 முதல் எடை ஏற்றலாம். எர்த் 0.8 ஓம், ஆகஸ்ட் 3 அன்று அளந்தது. நியூட்ரல் - எர்த் இடையே 1.4 வோல்ட். கூடுதல் பளுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. இயந்திரம் நிற்கும் இடத்தில் காற்று 6.2 பார், டிரையர் உண்டு. ஷட்டர் 2.9 மீட்டர், படங்கள் இணைப்பில். முடியாதது: சர்வோ ஸ்டெபிலைசர், ஆகஸ்ட் 18 அன்று வரும், 20க்குள் இணைத்துவிடுவோம். நிறுவுதலுக்கு செப்டம்பர் 3, 4 தேதிகளையும், கமிஷனிங்குக்கு செப்டம்பர் 8 முதல் நான்கு நாள்களையும் கேட்கிறோம். அந்த நாள்களில் ஆபரேட்டர் இருவரும் எலக்ட்ரீஷியனும் முழு நேரமும் இருப்பார்கள். எங்கள் தரப்பில் வைத்திருக்க வேண்டிய எண்ணெய், கூலன்ட், டூல் ஹோல்டர் பட்டியலை அனுப்பவும். வருபவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒரு வாரம் முன்பே தெரிவிக்கவும்."

இந்தக் கடிதத்தில் அதிக வேலை செய்வது "முடியாதது" என்று தொடங்கும் வரி. எல்லாம் தயார் என்று எழுதுபவரை அனுபவமுள்ள டீலர் நம்ப மாட்டார். எது பாக்கி, எந்தத் தேதியில் முடியும் என்று எழுதுபவருக்கு இன்ஜினியரின் நாள்களைத் துணிந்து ஒதுக்குவார். பாக்கி முடிந்ததும் ஆகஸ்ட் 23 வாக்கில் புதிய அளவுகளோடும் படங்களோடும் இரண்டாவது கடிதம் போக வேண்டும். தேதி உறுதியாவது அதற்குப் பிறகுதான்.

எண்ணெய்ப் பட்டியல் கேட்பதும் சம்பிரதாயம் அல்ல. வழுக்குப் பாதைக்கு எந்தத் தரத்து எண்ணெய், கூலன்ட் எத்தனை லிட்டர் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கோவையில் கூலன்ட் கலக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு மிகுந்தது, அதில் கலந்தால் கூலன்ட் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும்.

இயந்திரம் வந்து இறங்கிய பிறகும் இன்ஜினியர் வரும்வரை சிலவற்றைத் தொடக்கூடாது. பயணத்தில் அச்சுகள் அசையாதிருக்க வண்ணம் பூசிய இரும்புப் பிடிகள் போட்டிருப்பார்கள். ஆர்வத்தில் அவற்றைக் கழற்றுவதோ, கழற்றாமல் மின்சாரம் கொடுப்பதோ ஆபத்து. பெட்டியில் அடிபட்ட தடம் இருந்தால் பிரிக்கும் முன்பே படம் எடுத்து, லாரிக்காரரின் ரசீதில் குறித்து, அன்றே டீலருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

தாமதத்தின் விலை இரண்டு இடங்களில் தெரியும். ஒன்று உத்தரவாதம். பல ஆர்டர் தாள்களில் "கமிஷனிங்கிலிருந்து 12 மாதம், அல்லது அனுப்பியதிலிருந்து 14 மாதம், எது முந்தியதோ அது" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். இடம் தயாராகாமல் இயந்திரம் நான்கு மாதம் தார்ப்பாய்க்குள் நின்றால், ஓடத் தொடங்கும் நாளில் பத்து மாத உத்தரவாதமே மிச்சம்.

இன்னொன்று வருமான வரி. ஒரு சொத்து வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அந்த ஆண்டுக்குத் தேய்மானத்தில் பாதிதான் கிடைக்கும். கணக்கு ரசீது தேதியில் நிற்பதில்லை, பயன்படுத்தத் தொடங்கிய நாளைக் கேட்கும். மார்ச் 31 வரை எண்ணினால், அக்டோபர் முதல் சில நாள்களைத் தாண்டி ஓடத் தொடங்கிய இயந்திரத்துக்கு 180 நாள் தேறாது. அதை நிரூபிக்கும் தாள்களில் முதன்மையானது கமிஷனிங் அறிக்கை.

அதனால் அந்த அறிக்கையில் கையெழுத்திடும் முன் உரிமையாளர் மூன்றைப் பார்க்க வேண்டும். துல்லியச் சோதனைத் தாளில் அளந்த எண்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா? டீலர் கொண்டுவந்த மாதிரிப் பாகம் மட்டுமல்லாமல் தன் சொந்த வேலைப் பாகம் ஒன்றும் வரைபட அளவுக்குள் வந்ததா? பாக்கி வேலைகள் தேதியோடு எழுதப்பட்டிருக்கின்றனவா? மூன்றும் இருந்தால் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கணக்கரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் குறையை அந்தத் தாளிலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்திடுங்கள்.