அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கட்டி

அக்குளில் வலியோடு ஒரு கட்டி எழும்பினால் சூட்டுக்கட்டி என்கிறோம். மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடுகிறோம். உடைந்து சீழ் போனால் நிம்மதி. சாதாரணக் கட்டி ஒரு முறை வந்து ஆறிவிடும். ஆனால் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பிட்டம் போன்ற மடிப்புகளில் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறையாவது கட்டி வந்தால், அது ஹைட்ரடினைடிஸ் சப்புரடிவா என்ற நாள்பட்ட தோல் நோயா என்று பார்க்க வேண்டும்.

மடிப்பில் உள்ள மயிர்க்காலின் வாய் அடைபடுகிறது. அடைபட்ட மயிர்க்கால் உள்ளேயே வீங்கி, தோலுக்கு அடியில் வெடிக்கிறது. சிதறியதை அந்நியப் பொருளாக நினைத்து உடலின் எதிர்ப்புச் சக்தி அதன்மேல் பாய்கிறது. வலியும் சீழும் அந்தச் சண்டையின் விளைவு. சரியாகக் குளிக்காததால் இது வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதுமில்லை. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சுத்தமா இருக்கணும்மா' என்ற அறிவுரைக்குப் பயந்தே பல பெண்கள் வருடக்கணக்காகக் கட்டியை மறைத்துக்கொள்கிறார்கள்.

துணிக்கடையில் வேலை செய்யும் 27 வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் அக்குளில் கட்டி வரும். ஒவ்வொரு முறையும் கீறிச் சீழெடுத்து, ஐந்து நாள் மாத்திரை கொடுப்பார்கள். வலி குறையும், சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி கட்டி. கீறுவது தாங்க முடியாத வலிக்கு அவசர நிவாரணம் மட்டுமே. அடைபட்ட மயிர்க்கால் உள்ளேயேதான் இருக்கிறது.

தோல் மருத்துவர் இரண்டு அக்குளையும் பார்த்து எண்ணிக் குறிக்கிறார்: வலிக்கும் கட்டிகள் ஆறு, வலது பக்கம் எப்போதும் கசியும் துளை ஒன்று. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 12 வாரம் என்று எழுதுகிறார். கிருமியைக் கொல்ல இத்தனை நாள் எதற்கு என்று அந்தப் பெண் கேட்பது நியாயம்தான். இங்கே இந்த மருந்துக்கு முக்கிய வேலை அழற்சியைத் தணிப்பது. அதற்கு வாரங்கள் பிடிக்கும். அதனால் பத்தாம் நாள் ஒரு கட்டி வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று நிறுத்தக் கூடாது, தானாக அளவைக் கூட்டவும் கூடாது. வெதுவெதுப்பான ஒத்தடமும் டாக்டர் சொன்ன வலி மாத்திரையும் அந்த நாட்களுக்கு உதவும். ஒற்றைக் கட்டி அதிகம் வலித்தால் அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு.

மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் ஆகியவற்றைக் கூடவே சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் எளிதில் கன்றும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

12 வாரம் முடிந்து மறுபடி எண்ணுகிறார்கள். ஆறு கட்டிகள் இரண்டாகிவிட்டன. கசியும் துளை மட்டும் அப்படியே இருக்கிறது. மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது. மிச்சம் இருப்பது மாத்திரைக்கு எட்டாத இடம். பழைய கட்டிகள் தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று இணைந்து எலி வளைபோல ஒரு சுரங்கமாகிவிடும். அதன் உட்சுவரிலும் தோல் வளர்ந்துவிடுவதால் அது தானாக மூடிக்கொள்வதில்லை. அடுத்தடுத்து வேறு வேறு ஆன்டிபயாடிக் எழுதிக்கொண்டே போவது இந்த நிலையில் வீண் என்றே நான் நினைக்கிறேன். கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவதுதான் மிஞ்சும்.

இந்தப் பெண்ணுக்கு வழி அறுவைதான். அந்த இடத்தை மரத்துப்போக வைத்து, சுரங்கத்தின் மேல்கூரையைக் கத்தரித்து நீக்கி, தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். தையல் போடாமல் விட்டுவிட, அடியிலிருந்து சதை வளர்ந்து சில வாரங்களில் ஆறும். வெறுமனே கீறி விட்ட இடத்தைவிட இங்கே கட்டி திரும்புவது குறைவு.

கட்டிகள் பாதியளவுகூடக் குறையாவிட்டால், அல்லது பல இடங்களில் புதிதாகக் கிளம்பினால் பாதை வேறு. கிளிண்டாமைசின், ரிஃபாம்பிசின் இரண்டையும் சேர்த்துச் சில வாரம் கொடுப்பதுண்டு. ரிஃபாம்பிசின் காசநோய் மருந்து என்பதால், நம் ஊரில் முதலில் காசநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். அக்குளில் கசியும் காசநோய்ப் புண்ணும் பார்வைக்கு இதேபோல் இருக்கும். கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைத்துவிடும். அதையும் தாண்டினால் அடலிமுமாப் போன்ற ஊசிகள் உண்டு. எதிர்ப்புச் சக்தியின் ஒரு தூதுப்பொருளை அவை தடுக்கின்றன. விலை அதிகம். உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால் இதற்கும் அதே பரிசோதனை அவசியம்.

புகைப்பதை விடுவதும் எடை குறைவதும் சிகிச்சையோடு சேர்ந்தவை. காய்ச்சலோடு சிவப்பு வேகமாகப் பரவினால் அடுத்த முறை பார்க்கும் தேதிவரை காத்திருக்கக் கூடாது. பிட்டத்திலோ தொடை இடுக்கிலோ பல வருடப் பழைய புண் ஆறாமல் திடீரெனத் தடித்து வளர்ந்தால், அதிலிருந்து ஒரு துண்டெடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீண்டகாலச் சுரங்கங்களில் அரிதாகப் புற்றுநோய் உருவாவது உண்டு.