கை நனைக்காமல் எழுந்தவர்களும் நீல டிக்கும்

அதியமான்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு பையனுக்குப் பெண் தேடினால், சாதி என்ன என்ற கேள்வியை அவன் கேட்க வேண்டியதில்லை. பெண்ணும் கேட்க வேண்டியதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பே, மஞ்சள் பையில் ஜாதகக் கட்டோடு வரும் தரகரோ, ஊரில் பேச்சுத் திறமை உள்ள ஒரு பெரியம்மாவோ அதை முடித்திருப்பார்கள். அவர்களும் நேராகக் கேட்டதில்லை. "உங்க குலசாமி எந்தப் பக்கம்?" என்பார்கள். "மாரியம்மன் நோம்பிக்கு எந்த ஊருக்குப் போவீங்க?" என்பார்கள். குலசாமி தெரிந்தால் பங்காளியா, சம்பந்தி ஆகக்கூடியவரா என்பது தெரிந்துவிடும். பங்காளி என்றால் பேச்சு அங்கேயே நின்று, வெற்றிலை பாக்கோடு விடைபெறுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அந்தக் காலத்து ஏற்பாட்டில் கேட்கும் முறையைவிட மறுக்கும் முறைதான் நுணுக்கமானது. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் உறுதியாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். அதாவது சாப்பிட மாட்டார்கள். "சாப்பிட்டுப் போங்க" என்று வற்புறுத்தியும் "இன்னொரு நாள் வர்றோம்" என்று எழுந்துவிட்டால், பெண் வீட்டாருக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்னும் மென்மையான வழிகளும் உண்டு. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பலாம். கோயிலில் பூ கேட்கலாம்: வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. நினைத்த பூ வராவிட்டால் "சாமி உத்தரவு கொடுக்கல" என்று முடித்துக்கொள்வார்கள். மறுத்த பழி சாமிக்கு. பெண்ணுக்கும் குறையில்லை, பையனுக்கும் குறையில்லை. மறுநாள் சந்தையில் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேசலாம்.

இதை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. அந்த மரியாதை முழுவதும் ஒரே சாதி வட்டத்துக்குள் நடந்தது. பெண்ணின் விருப்பம் கடைசியாகக் கேட்கப்பட்டது, அல்லது கேட்கப்படவே இல்லை. வட்டத்துக்கு வெளியே மென்மையும் இல்லை, கேள்வியும் இல்லை. இந்தத் தருமபுரி மாவட்டத்தில் "ஊரா, காலனியா?" என்று முகவரி கேட்பதே சாதி கேட்பதுதான். 2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுத்து நடந்த ஒரு திருமணத்தின் தொடர்ச்சியாக, பெண்ணின் தந்தை இறந்தபின் தருமபுரிக்கு அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தீயிலும் சூறையிலும் நாசமாயின. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஒரு பையனும் பெண்ணும் சாட்டில் பேசும்போது இந்தத் தேதி இருவர் மனத்திலும் இருக்கிறது. எழுத்தில் மட்டும் வருவதில்லை.

இன்று கேள்வி அந்த இருவர் கைக்கே வந்துவிட்டது. முருகவேல் ஜானகிராமன் 1997இல் தொடங்கிய பாரத் மேட்ரிமோனி போன்ற தளங்களில் தரகரின் வேலையைப் படிவம் செய்கிறது. மதம், சாதி, உட்பிரிவு எல்லாம் சாட் தொடங்குமுன்பே கட்டத்தில் நிரப்பப்பட்டிருக்கும். ஆனால் ஓசூர்த் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்து, நண்பர் பிறந்தநாளுக்குத் தொடங்கிய வாட்ஸாப் குழுவில் எண் கிடைத்துப் பேசத் தொடங்கிய இருவருக்குப் படிவம் கிடையாது. பெரியம்மாவும் கிடையாது. பிடித்துப்போன பிறகுதான் வீடு நினைவுக்கு வருகிறது.

பெரும்பாலும் அந்தக் கேள்வி இப்படித்தான் வந்து விழும்: "தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க? வீட்ல கேப்பாங்க, அதான்." இதில் மூன்று குறைகள். கேட்பவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் எதிராளியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறார். பழியை வீட்டின்மேல் போட்டுவிட்டுத் தன் நிலையை மறைக்கிறார். மூன்றாவதுதான் பெரியது: இந்தக் கேள்வி எல்லோர் காதிலும் ஒன்றுபோல் விழுவதில்லை. வாடகை வீடு தேடும்போதும், பள்ளியில் புது ஆசிரியர் முன்னாலும் இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்தவருக்கு இது விசாரணை. சாதியால் எதையும் இழக்காதவருக்கு இது வெறும் தகவல்.

குலசாமியை விசாரிக்கிற பழைய சுற்றுவழியும் இங்கே உதவாது. அதியமான்கோட்டைக்குப் பெயர் தந்த அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதங்கள் புத்தம் புதிதாகப் பளபளப்பதைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, போர் அனுபவமே இல்லை என்று குத்திக் காட்டினாள் என்பது புறநானூற்றுச் செய்தி. அவைக்கு நடுவே, குரலும் முகமும் தெரிய, அது எடுபட்டது. சாட்டில் குரலும் இல்லை, முகமும் இல்லை. அங்கே சுற்றி வளைத்துக் கேட்பது பணிவாகத் தோன்றாது; வேவு பார்ப்பதாகவே தோன்றும்.

கேட்பதற்கு முன்பு சொல்வதுதான் வேலைக்காகிறது. ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். பலர் பேச்சிலிருந்து சேர்த்துக் கட்டியது. அதியமான்கோட்டைக்காரப் பெண், ஓசூரில் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன். பேசத் தொடங்கி மூன்று வாரம். "வீட்ல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று பேச்சுவாக்கில் அவள் சொல்லிவிட்டாள். சரியான நேரம் அதுதான், ஏனென்றால் வீடு என்ற சொல் தானாகவே உள்ளே வந்துவிட்டது. முதல் நாளே கேட்டிருந்தால் சலிப்பு. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஏமாற்றியதாகத் தோன்றும். மறுநாள் மாலை அவள் எழுதியது:

"ஒண்ணு சொல்லணும். நம்ம பேச்சு நல்லாப் போகுது, அதனாலதான் இப்பவே சொல்றேன். எங்க வீட்ல அப்பா சொந்தத்துலதான் கொடுக்கணும்னு இருக்கார். அம்மா கொஞ்சம் இறங்கி வருவாங்க. எனக்கு சாதி ஒரு தடையா தெரியல. ஆனா வீட்ல சொல்லாம எதுவும் பண்ண மாட்டேன், அதுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். உங்க வீட்ல எப்படி எதிர்பார்க்கறாங்க? இன்னைக்கே பதில் வேணாம். சரிப்படாதுன்னு தோணினா அதையும் சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்."

இதில் உன் சாதி என்ன என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டின் எதிர்பார்ப்பு ஒன்று, தன் மனம் ஒன்று, தன்னால் செய்யக்கூடியது ஒன்று என்று மூன்றையும் அவள் கலக்காமல் வைத்திருக்கிறாள். "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னால் அது நிலவரமா, முடிவா என்று எதிராளிக்குத் தெரியாது. பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கடைசி இரண்டு வரி பழைய பூ கேட்டலின் வேலையைச் செய்கிறது. மரியாதையாக விலக ஒரு கதவு திறந்திருப்பதால் கேள்வி முட்டவில்லை.

பதில் ஒரு நாள் கழித்து வந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். நாங்க எஸ்.சி. எங்க வீட்ல எதிர்ப்பைவிட பயம்தான் ஜாஸ்தி. ஒண்ணு கேட்கறேன், அப்பா முடியாதுன்னே சொல்லிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஒரு நாள் தாமதத்தைப் பார்த்துப் பலர் பதறிவிடுவார்கள். நீல டிக் விழுந்தும் பதில் இல்லை என்றதும் "என்ன, கோபமா?" என்று அடுத்தடுத்து அனுப்புவார்கள். யோசிக்க நேரம் கொடுத்துவிட்டு அதைப் பிடுங்கிக்கொள்வது அது. இந்தப் பையனுக்கு அந்த ஒரு நாள் தேவைப்பட்டது. அவள் வீட்டு நிலவரத்தைச் சொல்ல அவளுக்கு ஆன செலவைவிட, தன் சாதியைச் சொல்ல அவனுக்கு ஆன செலவு அதிகம். அவன் திருப்பிக் கேட்ட கேள்விக்கு அவள் வீரவசனம் எழுதவில்லை. "தெரியலங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப அம்மாகிட்ட பேசிப் பார்க்கறேன். பேசினதை அப்படியே சொல்றேன்" என்றாள். பதில் கைவசம் இல்லாதபோது, எப்போது தெரியும் என்று ஒரு தேதி சொல்வது போதும்.

இதற்கு மேல் பேச வேண்டியதை அவர்கள் போனில் பேசினார்கள். அது நல்லது. எழுதியது ஸ்கிரீன்ஷாட் ஆகும். ஒரு தம்பி கையில் சிக்கினால் குடும்பக் குழுவில் ஏறிவிடும். பெற்றோர் பெயர், ஊர், தெரு இவற்றை இந்தக் கட்டத்தில் எழுத்தில் வைக்கத் தேவையில்லை. வீட்டில் அடி, மிரட்டல், போனைப் பிடுங்குதல் என்று ஏதாவது முன்பே நடந்திருந்தால், வார்த்தையை எவ்வளவு பக்குவமாகத் தேர்ந்தெடுத்தாலும் அது காப்பாற்றாது. சாதி மறுத்து மணக்கும் இணையர் புகார் தர மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மதம் வேறென்றால் பேச்சு இன்னும் நடைமுறைக்கு இறங்க வேண்டும். "எனக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான்" என்ற பதில் இனிமையானது, ஆனால் உதவாது. கல்யாணத்துக்காக யாராவது மதம் மாற வேண்டும் என்று வீட்டில் எதிர்பார்ப்பார்களா, பெயர் மாற வேண்டுமா, குழந்தைக்கு எந்த முறையில் பெயர் வைப்பார்கள் என்று கேட்டால் உண்மையான பதில் வரும். இங்கேயும் முதலில் தன் வீட்டுப் பதிலைச் சொல்லிவிட வேண்டும். யாரும் மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் கொடுத்து அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தச் சட்டப்படி ஆட்சேபணைக் காரணம் ஆகாது. இருந்தாலும் ஒட்டிய நோட்டீஸ் வழியாக ஊருக்குச் செய்தி போகும். ஆக, வீட்டுக்குத் தெரியாமல் முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுபவர்களுக்கு அந்த 30 நாள் பெரிய சோதனை.

மறுக்க வேண்டியவர்கள் இன்று செய்வது என்ன? பதில் போடாமல் இருப்பது, பிளாக் செய்வது. கை நனைக்காமல் எழுந்தவர்களாவது கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "யோசிச்சுப் பார்த்தேன். எங்க வீட்டை எதிர்த்து நிக்கற தெம்பு எனக்கு இல்ல. உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல. இத்தோட நிறுத்திக்கலாம்" என்று எழுத அரை நிமிடம் ஆகும். ஜாதகத்தையும் சாமியையும் சாக்குச் சொல்ல முடியாத இடத்தில், தெம்பு இல்லை என்று தன் பேரிலேயே சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கேட்பவருக்கு அது வலிக்கும். ஆனாலும் என் சாதியா, என் முகமா, நான் எழுதிய ஏதோ ஒரு வரியா என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.